பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு

கண்ணுங்களா, உங்களைப் பயமுறுத்த நான் நிறைய கதை கட்டியிருக்கிறேன். கட்டினது எது, நடந்தது எது என்று எனக்குத் தெரியும். இது நடந்தது. நான் உட்கார்ந்திருந்த மேசையில், என் கைப்பேனாவில் நடந்தது. ராத்திரி தனியாகப் படிக்கிறவர்கள் எழுந்துபோய் யாராவது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவ்வளவுதான் நான் செய்யக்கூடிய உதவி.

குமணன்சாவடியில் எங்கள் தெருவில் விசேஷம் என்றால் மொய் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். நானே கற்றுக்கொண்ட எழுத்து.

எதிர்வீட்டு அருள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். மனைவி யுவராணி. அவர்களுக்கு ஒரே பெண், பவ்யா. மூன்று வயது. என்னை "மங்கா" என்று பேர் சொல்லிக் கூப்பிடும் வாயாடி. பிறந்ததிலிருந்தே அதன் நெஞ்சில் ஓட்டை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் போக இரண்டு லட்சம் கட்ட வேண்டும்.

எங்கே போவான்? யுவராணிதான் அவனிடம் சொன்னாள்.

"பத்து வருஷமா ஊருக்கெல்லாம் மொய் வெச்சிகினு வர்றியே... இப்ப வாங்கலன்னா எப்ப வாங்கறது? காது குத்து வெச்சுடு."

டாக்டர் ஊசி கூடாது என்றிருந்தார். அதனால் ஆசாரி காதில் சந்தனப் பொட்டு வைத்து, ஊசியை அதில் தொட்டு எடுப்பது என்று பேசிக்கொண்டோம். விசேஷம் பேருக்கு. வேண்டியது மொய். அருள் யார் யார் வீட்டுக்கு எவ்வளவு வைத்தான் என்று ஒரு டைரியில் குறித்து வைத்திருந்தான். அத்தனை பேருக்கும் பத்திரிகை போனது.

காட்டுப்பாக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். ஞாயிற்றுக்கிழமை.

வாசலுக்குப் பக்கத்தில் மேசை. நான் எழுத, காசு வாங்கி எண்ணிப் பையில் போட அரவிந்தன். அருளின் அக்கா புருஷன் அவர். பக்கத்தில் போனில் பணம் போடுகிறவர்களுக்கு ஓர் அட்டை. புது நோட்டு. நாலு மூலையிலும் மஞ்சள். பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமன் விஷ்ணுவின் மொய்யை முதலில் எழுதினேன். பத்தாயிரத்து ஒன்றும், அரை சவரன் தோடும்.

மொய் எழுதுவது லேசு இல்லை. முதலில் ஊர். அப்புறம் பேர். ஒரே ஊரில் நாலு குமார் இருப்பான், அதனால் அப்பா பேரும் வேண்டும். பிறகு தொகை, எண்ணிலும் எழுத்திலும். பொருளாக வந்தால் வலது பக்கத்தில் தனியாக. பக்கம் முடிந்ததும் கூட்டி, அடுத்த பக்கத் தலையில் கொண்டுபோக வேண்டும்.

விவரமானவர்கள் பிரித்தே சொல்லுவார்கள். "பழசு ஐந்நூறு, புதுசு ஐந்நூத்தியொண்ணு" என்பார்கள். பழசு என்றால் நாம் முன்னே அவர்களுக்கு வைத்தது. அது அன்றோடு தீர்ந்தது. புதுசு என்றால் அவர்கள் மேலே வைக்கிறது. அதை நாம் அடுத்து அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்ப வேண்டும். அப்படித்தான் கயிறு அறாமல் போய்க்கொண்டே இருக்கும். கொடுத்தவர் செத்தால் பிள்ளைக்கு வரும். வாங்கினவர் செத்தாலும் பிள்ளை தலையில் வரும்.

இன்னொன்றும் உண்டு. சாவுக்குப் போர்த்துகிற புதுத்துணியைக் கோடி என்போம். அதுவும் திருப்ப வேண்டியதுதான். ஆனால் கெட்டதுக்கு வந்தது கெட்டதில்தான் திரும்பிப் போகும். அதுக்கு வேறு நோட்டு. கல்யாண நோட்டில் அதை எழுதவே மாட்டோம்.

மதியம் ஒன்றே முக்கால் இருக்கும். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேசை முன்னால் யாரும் இல்லை.

"மங்களம்மா, கை நோவுதா? ஒரு காபி சொல்லட்டா?" என்றார் அரவிந்தன்.

"காபி வேணாம். அந்த ஃபேனை கொஞ்சம் திருப்பு. தாள் பறக்குது."

அவர் திரும்பியபோது, எதிரில் ஒரு பெண் நின்றாள்.

வாசல் பக்கமிருந்து வரவில்லை. வாசலில் பன்னீர் தெளிக்க இரண்டு பெண்கள் நின்றார்கள். யார் வந்தாலும் ஒரு சிரிப்புச் சத்தம் வரும். அப்போது வரவில்லை.

ஐம்பது வயது சொல்லலாம். சாயம் போன பச்சைப் புடவை. கையில் மஞ்சள் பை.

"எந்த ஊரும்மா?"

"பருத்திப்பட்டு."

"பேரு?"

"கன்னியம்மா."

"எவ்ளோ?"

"காசு இல்ல. துணி."

"சரி, சொல்லு."

"பழசு ஒண்ணு. புதுசு ஒண்ணு."

அரவிந்தன் இரண்டு கையையும் நீட்டிப் பையை வாங்கினார். வாங்கியவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நான் வலது பக்கத்தில் எழுதினேன். பருத்திப்பட்டு. கன்னியம்மா. துணி. பழசு ஒன்று, புதுசு ஒன்று.

அவள் குனிந்து பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள் மாதிரி எழுத்தின் மேல் கண்ணை ஓட்டினாள். மேசை மேல் இருந்த ஃபேன் என் மேலும் அவள் மேலும் வீசிக்கொண்டிருந்தது. நோட்டுத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. என் முந்தானை பறந்தது.

அவள் முந்தானை அசையவில்லை.

"சாப்ட்டு போம்மா" என்றேன்.

"சாப்பிட வரல. எழுத வந்தேன்."

அரவிந்தன் தாம்பூலப் பையை எடுத்து நீட்டினார். மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"எங்க போச்சு அது?" என்றார்.

"பந்திக்கு இருக்கும்" என்றேன். பந்தி எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எங்களைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சாயங்காலம் அருள் வீட்டில் கூடத்தில் பாய் விரித்துக் கணக்குப் பார்த்தோம். அரவிந்தன் நோட்டுகளைத் தினுசுவாரியாக அடுக்க, நான் பக்கக் கூட்டல்களைக் கூட்டினேன். போனில் வந்ததையும் சேர்த்தோம். இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம். பையில் இருந்ததும் நோட்டில் இருந்ததும் ஒரு ரூபாய் பிசகவில்லை.

அருள் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"இன்னா மச்சான், வசூலாவலன்னா அழலாம். ஆனதுக்கு அழறியே" என்று அரவிந்தன் அவன் தலையில் தட்டினார். யுவராணி சிரித்தாள். பவ்யா எதுக்கென்று தெரியாமல் தானும் கைதட்டிற்று.

அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

பிறகு பொருள்கள். நான் வாசிக்க வாசிக்க யுவராணி எடுத்து வைத்தாள். கொலுசு. சில்வர் குடம். கவுன். கரடி பொம்மை.

"பருத்திப்பட்டு, கன்னியம்மா. துணி ரெண்டு."

யுவராணி மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

வெள்ளைக் காடாத் துணி. கடை மடிப்புக் கலையாதது. தண்ணீர் படாதது.

கோடி.

ஒன்று சின்னது. ஒரு குழந்தையின் நீளம். இன்னொன்று பெரிசு.

அரவிந்தன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"யாருடா அது?"

அருள் துண்டு துண்டாகச் சொன்னான். அவன் அம்மா அங்கம்மா இருந்த காலத்தில் அவர்கள் பருத்திப்பட்டில் குடியிருந்தார்கள். கன்னியம்மா அதே தெரு. லேட்டாகப் பிறந்த ஒரே பெண் குழந்தை அவளுக்கு. காய்ச்சலில் செத்துப்போயிற்று. அங்கம்மா போய்க் கோடி போட்டு வந்தாள். அந்தக் குழந்தைக்கும் மூன்று வயது.

"அம்மா போட்டது... இப்ப நமக்கு..." அருள் முடிக்கவில்லை.

"பத்திரிகை வெச்சியா அதுக்கு?" என்றேன்.

"இல்ல. ஏழு வருசமா பாக்கவே இல்ல."

யுவராணி பவ்யாவைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். "அந்தப் பக்கத்தக் கிழி மங்களம்மா."

கிழிக்க முடியாது கண்ணுங்களா. அதன் பின்பக்கத்தில் பதினெட்டு வீட்டு மொய் இருந்தது. கிழித்தால் நாளைக்கு அவர்களுக்கு எதை வைத்துத் திருப்புவது? மொய் நோட்டில் அடித்தல் திருத்தல்கூடக் கிடையாது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. இப்பவே."

அருள் பைக்கை எடுத்தான். பின்னால் நான். என் மடியில் பை. பூந்தமல்லி தாண்டி ஆவடி ரோட்டில் போனோம். வழியெல்லாம் பை கனத்துக்கொண்டே வந்தது. ரெண்டே ரெண்டு துணி அப்படிக் கனக்காது. தொடை மரத்துப்போயிற்று.

ஏரிக்கரைப் பக்கம் அந்தத் தெரு. வீடு பூட்டியிருந்தது. பூட்டில் துரு.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. வசந்தகுமாரி என்று ஓர் அம்மாள். அருளை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அருளு... யாரைத் தேடுற?"

"கன்னியம்மாக்காவ."

"அது போயி நாலு மாசம் ஆவுதே. ஆஸ்பத்திரியிலயே செத்துச்சு. ஊட்டுக்குக் கூட எடுத்துகினு வரல."

அருள் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் பையை அந்தக் கதவு நிலையில் வைத்தேன்.

"இன்னாது அது?" என்று கேட்டாள் வசந்தகுமாரி. உள்ளே எட்டிப் பார்த்தாள். முகம் மாறிற்று. வேறு ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

திரும்பி வந்தோம். மடி லேசாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

யுவராணி வாசலிலேயே நின்றாள்.

"ஏன் உட்டுட்டுப் போனீங்க?"

"எதை?"

"பையை. மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு ஒரு அம்மா கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு... இப்பத்தான்."

கூடத்தில் பாய் மேல் மஞ்சள் பை இருந்தது.

"இன்னா சொல்ச்சு?" என்றான் அருள்.

"எழுதினது எழுதினதுதான்னுச்சு. பாப்பாவப் பாத்துச்சு."

"பாத்து?"

"கையால அளந்துச்சு... தலையிலேர்ந்து கால் வரைக்கும். கவுன் தைக்கறதுக்கோன்னு நெனச்சேன்."

அருள் பையைக் கொல்லைக்கு எடுத்துப்போய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். நான் பார்த்தேன். எரிந்தது. சாம்பல் ஆனது. அந்தச் சாம்பலை நானே தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நாள் வந்தது. துணிமணி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பணம் பீரோவில் இருந்தது. ஒரு ரூபாய் குறையாமல் இருந்தது.

காலையில் யுவராணி எழுப்பினாள்.

பவ்யா எழுந்திருக்கவில்லை.

தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். இப்படி ஆகக்கூடியதுதான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆளாளுக்குக் கோடி போட்டார்கள். அந்த நோட்டையும் நான்தான் எழுதினேன். எடுக்கும் நேரம் வந்ததும், மேலே கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். கடைசியில் உடம்பை ஒட்டி ஒன்று இருந்தது.

சின்ன வெள்ளைக் காடாத் துணி. மடிப்புக் கலையாதது.

தலையிலிருந்து கால் வரை... சரியாக இருந்தது.

யார் போட்டது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

காரியத்தன்று வசந்தகுமாரி வந்தாள். யார் சொல்லி வந்தாள் என்று கேட்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். எங்க தெருவுலயே ரெண்டு ஊட்டுக்கு இப்டி வந்துச்சும்மா. கன்னியம்மா புள்ளைக்கு அன்னிக்குக் கோடி போட்டவங்கதான் ரெண்டு பேருமே."

"அப்புறம்?"

"மொதல்ல சின்னது."

அவள் யுவராணி உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"அப்புறம் பெரிசு. ரெண்டு ஊட்லயும் புள்ளயப் பெத்தவதான்."

யுவராணியிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? பீரோவில் இருந்த பணத்தைப் பார்த்துப் பார்த்து அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னூறு வீட்டுக்குத் திருப்ப வேண்டிய பணம். அருளை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பகலெல்லாம் நான் அவளோடு இருந்தேன். ஒரு கவளம் உள்ளே போனால் எனக்குப் பெரிய விஷயம்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது மொய்யையும் பிரிப்பார்கள். இந்த வீட்டு மொய் இனி உன் பொறுப்பு, அந்த வீட்டு மொய் என் பொறுப்பு என்று நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதோடு கடன் கைமாறிவிடும். நானும் அப்படி எழுதலாம் அல்லவா?

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றவளாம். நானும்தான் பெற்றேன். பிள்ளை துபாயில் இருக்கிறான். போதும் எனக்கு.

அன்று சாயங்காலம் அருள் வேலை முடிந்து வந்ததும் நோட்டை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கன்னியம்மா பேருக்குக் கீழே எழுதினேன். "மேற்படி புதுசு ஒன்று, இனி குமணன்சாவடி மங்களம் கணக்கில்." கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன்.

கடிகாரம் பார்த்தேன். ஏழு பத்து.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தால் வரட்டும்.

டிவியை அணைத்தேன்.

தெருவில் நாய் குரைப்பது நின்றது.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டுத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

பிறகு... அடித்துக்கொள்ளவில்லை.

ஃபேன் ஓடுகிறது. தாள் அசையவில்லை.

என் தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்தார்கள். எழுத்தின் மேல் கண்ணை ஓட்டுவது தெரிந்தது. நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"என்னை எடுத்துக்கோ" என்றேன்.

பிறகு, காதுக்குப் பக்கத்தில்... சாந்தமான குரல்.

"நீ எழுதுறவ. வாங்குனவ இல்ல."

தாள் திரும்பவும் படபடத்தது.

நான் எழுந்து எதிர்வீட்டுக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடினேன்.

அருள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"யுவராணி எங்கடா?"

"தூங்குறா மங்களம்மா. இன்னிக்குத்தான் நல்லாத் தூங்குறா. எழுப்பாதீங்க."

உள்ளே போனேன். பவ்யாவின் பாயில், பவ்யா படுக்கிற மாதிரியே சுருண்டு படுத்திருந்தாள். குளிருக்குப் போர்த்துவது மாதிரி, கழுத்து வரை ஒரு வெள்ளைத் துணி.

அதை நான் விலக்கவில்லை. விலக்கி என்ன ஆகப்போகிறது?

அருள் இப்போது அக்கா வீட்டில் இருக்கிறான். மொய்ப் பணம் வாங்கிய வீடுகளில் விசேஷம் வந்தால் போய் வைத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்புகிறானாம். நான் அப்புறம் யாருக்கும் மொய் எழுதவில்லை. கூப்பிடுகிறார்கள். கை நடுங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் வசந்தகுமாரி போன் செய்தாள். மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு வைத்தார்களாம்.

"மொய் வேணாம்னு பத்திரிகையிலயே போட்டுட்டேம்மா. மேசையே போடல. நோட்டே வாங்கல."

"நல்லது செஞ்சே" என்றேன்.

"நானும் அன்னிக்கு அந்தக் குழந்தைக்குக் கோடி போட்டவதானேம்மா."

எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரி. போடாமல் இருப்பாளா?

"மேசையே இல்லையேம்மா. அப்புறம் இன்னா பயம்?" என்றேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"பொண்ணுக்கு வளையல் போட்டுட்டு, ஒரு அம்மா அவ வயித்துல கைய வெச்சு அளந்துச்சாம். பழசு, புதுசு ரெண்டையும் இங்கயே குடுத்துட்டுப் போறேன்னுச்சாம். எழுத வேணாமான்னு இவதான் கேட்டிருக்கா. விவரம் தெரியாத பொண்ணு... விளையாட்டுக்குக் கேட்டிருக்கா."

"அதுக்கு?"

"எழுதிட்டேன்னு சொல்ச்சாம்."